குழி மஞ்சளானால் டெங்குவா?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய சில வாரங்களில் தமிழ்நாட்டின் ஆய்வுக்கூடங்களில் ஒரே மாதிரியான ரிப்போர்ட்டுகள் அச்சாகத் தொடங்கும். டெங்கு என்.எஸ்.1 ஆன்டிஜென், எலிசா முறை: நெகடிவ். டெங்கு ஐ.ஜி.எம். ஆன்டிபாடி, எலிசா முறை: பாசிடிவ், 2.9. காய்ச்சல்காரரின் வீட்டார் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஒன்று இல்லை என்கிறது, இன்னொன்று இருக்கிறது என்கிறது. அந்த 2.9 எதன் அளவு என்றும் தாளில் இருக்காது. கிராமா, சதவீதமா, ரத்தத்தில் ஓடும் கிருமிகளின் எண்ணிக்கையா?

மூன்றுமே இல்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறு குழியில் நிறம் மாறிய திரவத்தின் வழியே ஒளியைச் செலுத்திப் பார்த்தார்கள். அங்கே கிடைத்த எண்ணை, அதே தட்டில் வேறு சில குழிகளில் கிடைத்த எண்ணால் வகுத்தார்கள். வந்த விடைதான் 2.9. பக்கத்துக் குழிகள் இல்லாவிட்டால் உங்கள் குழியின் மஞ்சள் நிறத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. எலிசாவைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்தப் பக்கத்துக் குழிகளைப் பற்றித்தான் பேச வேண்டும். அதற்கு முன் குழிக்குள் நடப்பதைப் பார்த்துவிடலாம்.

எலிசா தட்டு உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது. பாலிஸ்டைரீன் என்ற தெளிவான பிளாஸ்டிக்கால் ஆனது. அதில் நீளவாக்கில் 12, குறுக்கே 8 என மொத்தம் 96 குழிகள் இருக்கும். வரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்துகள், பத்திகளுக்கு 1 முதல் 12 வரை எண்கள். ஏ1, பி1 என்று குழிகளுக்குப் பெயர் சொல்வார்கள். பாலிஸ்டைரீனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், புரதங்கள் அதன் பரப்பில் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். தனிப் பசை தேவையில்லை. புரதக் கரைசலை ஊற்றி ஓர் இரவு வைத்தால் போதும், அடியில் ஒரு படலம் படிந்துவிடும். எதைப் பிடிக்க வேண்டுமோ அதற்கு ஏற்ற புரதத்தை இப்படி முன்கூட்டியே படியவைத்து, உலர்த்தி, உறையிட்டுத்தான் கம்பெனிகள் கிட்டாக விற்கின்றன. ஆனால் பிளாஸ்டிக்குக்கு நல்ல புரதம், வேண்டாத புரதம் என்ற பேதம் தெரியாது. எஞ்சியிருக்கும் வெற்றிடத்தில் நோயாளியின் ரத்தப் புரதங்களும் ஒட்டிவிடும். அதைத் தடுக்க, சோதனையோடு சம்பந்தமில்லாத வேறொரு புரதத்தால் அந்த இடங்களை முதலிலேயே நிரப்பிவிடுவார்கள். மாட்டு ரத்தத்தின் ஆல்புமினோ, பாலில் உள்ள கேசீனோ இந்த வேலையைச் செய்யும். சொந்தமாகத் தட்டு தயாரிக்கும் ஆராய்ச்சிக்கூடங்களில் இதற்காகவே கொழுப்பு நீக்கிய பால் பவுடர் டப்பா ஒன்று அலமாரியில் இருக்கும்.

இனி ஆன்டிஜென், ஆன்டிபாடி என்ற இரண்டு சொற்கள் வேண்டும். நம் உடல் அந்நியம் என்று கண்டுகொள்ளும் பொருள் ஆன்டிஜென். டெங்கு வைரஸின் புரதங்கள் அப்படிப்பட்டவை. அதைக் குறிப்பாக இனம் கண்டு பற்றிக்கொள்ள உடல் தயாரிக்கும் புரதம் ஆன்டிபாடி. ஒரு ஆன்டிபாடி தன் ஆன்டிஜெனைப் பற்றினால் எளிதில் விடாது, கழுவினாலும் போகாது. எலிசாவின் மொத்தத் தந்திரமும் இந்த ஒரு குணத்தின் மேல் நிற்கிறது. ஆனால் இந்தப் பிடி கண்ணுக்குத் தெரியாது. அதைத் தெரியவைக்க ஒரு அடையாளம் வேண்டும்.

1960-களில் அந்த அடையாளம் கதிரியக்கம். ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் அமெரிக்காவில் உருவாக்கிய முறையில், கதிரியக்க அயோடின் சேர்த்த பொருள் எங்கே ஒட்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். மிக நுட்பமான முறைதான். யாலோவுக்கு 1977-ல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் கதிரியக்கப் பொருளை வாங்கவும் வைக்கவும் கழிக்கவும் தனி ஏற்பாடு வேண்டும், மாவட்ட மருத்துவமனையில் நடக்கிற காரியமா அது? 1971-ல் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் ஈவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும் கதிரியக்கத்துக்குப் பதிலாக ஒரு நொதியை ஆன்டிபாடியோடு இணைத்துக் காட்டினார்கள். அதே காலத்தில் நெதர்லாந்தில் ஆர்கனான் கம்பெனியில் வான் வீமனும் ஸ்கூர்ஸும் தனியாக அதே யோசனைக்கு வந்திருந்தார்கள். எலிசா என்ற பெயர் ஸ்டாக்ஹோம்காரர்கள் வைத்தது.

இன்று பெரும்பாலான கிட்களில் இருக்கும் நொதி, ஹார்ஸ்ராடிஷ் என்ற முள்ளங்கி இனத்துக் கிழங்கிலிருந்து எடுக்கப்படும் பெராக்சிடேஸ். டி.எம்.பி. என்ற நிறமற்ற திரவத்தை இது நீலமாக்கும். முக்கியமான விஷயம், ஒரு நொதி மூலக்கூறு ஒருமுறை வேலை செய்து ஓய்ந்துவிடுவதில்லை. சில நிமிடங்களுக்குள் ஆயிரக்கணக்கான டி.எம்.பி. மூலக்கூறுகளை மாற்றிவிடும். குழியின் அடியில் ஒட்டியிருப்பது மிகச் சொற்பம் என்றாலும் கண்ணுக்குத் தெரியும் நிறம் வருவது இதனால்தான்.

பிடிப்பதும் காட்டுவதும்

டெங்குவில் இரண்டு எலிசாக்கள் உண்டு. ஒன்று வைரஸின் பொருளைத் தேடுகிறது, மற்றொன்று அதற்கு உடல் கொடுத்த பதிலைத் தேடுகிறது.

என்.எஸ்.1 என்பது டெங்கு வைரஸ் நம் செல்லுக்குள் பெருகும்போது ரத்தத்தில் வெளிவிடும் ஒரு புரதம். அதைத் தேடும் தட்டில், குழியின் அடியில் என்.எஸ்.1-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடி படிந்திருக்கும். நோயாளியின் சீரத்தை, அதாவது உறைந்த ரத்தத்திலிருந்து பிரிந்த தெளிந்த நீரை, ஊற்றுகிறார்கள். என்.எஸ்.1 இருந்தால் அடியில் பிடிபடும். பிறகு நொதி கட்டிய இரண்டாவது ஆன்டிபாடியை விடுகிறார்கள். அது என்.எஸ்.1-ன் வேறொரு பக்கத்தைப் பற்றும். இப்போது ஆன்டிஜென் இரண்டு ஆன்டிபாடிகளுக்கு நடுவே இருக்கிறது. இந்த அமைப்புக்கு சாண்ட்விச் எலிசா என்றே பெயர். கழுவியபின் டி.எம்.பி. ஊற்றினால், பிடிபட்ட என்.எஸ்.1-ன் அளவுக்கேற்ப நீலம் வரும். என்.எஸ்.1 இல்லையென்றால் இரண்டாவது ஆன்டிபாடிக்குப் பற்ற எதுவுமில்லை. கழுவும்போது நொதியோடு சேர்ந்து போய்விடும்.

ஐ.ஜி.எம். சோதனை சற்றுச் சுற்றி வளைத்து நடக்கிறது. நேரான வழி எல்லோருக்கும் தோன்றக்கூடியதுதான்: டெங்கு ஆன்டிஜெனை அடியில் படியவைத்து, நோயாளியின் ஆன்டிபாடி அதில் வந்து ஒட்டுகிறதா என்று பார்ப்பது. பல நோய்களுக்கு இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் டெங்கு வருடாவருடம் வரும் ஊரில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எப்போதோ வந்துபோன டெங்குவின் நினைவாக ஐ.ஜி.ஜி. என்ற வகை ஆன்டிபாடி பெரியவர்கள் பலரின் ரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். அது முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துவிட்டால், புதிய நோயின் அடையாளமான ஐ.ஜி.எம். ஒட்ட இடமிருக்காது.

அதனால் வரிசையைத் தலைகீழாக்கினார்கள். குழியின் அடியில் இருப்பது, மனித ஐ.ஜி.எம். எதுவானாலும் பிடிக்கும் ஆன்டிபாடி. நோயாளியின் சீரத்தை நூறு மடங்கு நீர்த்து அதில் ஊற்றி, 37 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைக்கிறார்கள். டைஃபாய்டுக்கு உண்டான ஐ.ஜி.எம்., டெங்குவுக்கு உண்டானது, வேறு எதற்கோ உண்டானது எல்லாம் அடியில் பிடிபடும். ஐ.ஜி.ஜி. பிடிபடாமல் கழுவலில் போய்விடும். அடுத்து டெங்கு ஆன்டிஜெனை விடுகிறார்கள். பிடிபட்ட கூட்டத்தில் டெங்குவுக்கான ஐ.ஜி.எம். மட்டுமே அதைப் பற்றும். கடைசியாக நொதி கட்டிய டெங்கு ஆன்டிபாடி வந்து அந்த ஆன்டிஜெனில் ஒட்டும். அதன்பின் அதே டி.எம்.பி., அதே நீலம். இதை மேக் எலிசா என்பார்கள். புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் தயாரித்து, அரசு மருத்துவமனைகளின் கண்காணிப்பு மையங்களுக்கு அனுப்பும் டெங்கு கிட் இந்த வகையைச் சேர்ந்ததே.

டி.எம்.பி. ஊற்றி சரியாகப் பத்து நிமிடம் கழித்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்க்கிறார்கள். நொதி அங்கேயே நின்றுவிடும், நீலம் மஞ்சளாகும். இங்கே ஒரு ஒழுங்கு முக்கியம். டி.எம்.பி.யை எந்த வரிசையில், எந்த வேகத்தில் ஊற்றினார்களோ அதே வரிசையில், அதே வேகத்தில் அமிலத்தையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் குழிக்குப் பத்து நிமிடமும் கடைசிக் குழிக்கு எட்டு நிமிடமும் கிடைத்து, ஒரே அளவு நொதி இருந்தும் நிறம் வேறுபடும்.

பிறகு தட்டு ரீடருக்குள் போகிறது. 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை ஒவ்வொரு குழியின் வழியாகவும் செலுத்தி, எவ்வளவு மறுபக்கம் வந்து சேர்ந்தது என்று கருவி பார்க்கும். மஞ்சள் திரவம் நீல ஒளியை விழுங்கக்கூடியது. விழுங்கிய அளவைத்தான் ஓ.டி. என்ற எண்ணாகத் தருகிறது. ஓ.டி. 0.3 என்றால் ஏறத்தாழ பாதி ஒளி கடந்து வந்திருக்கிறது. 1 என்றால் பத்தில் ஒரு பங்கு, 2 என்றால் நூறில் ஒரு பங்கு. எண் இரட்டிப்பானால் மறைந்த ஒளியும் இரட்டிப்பு என்று நினைத்துவிடக் கூடாது.

சாட்சிக் குழிகள்

ஒரு நோயாளியின் குழி 0.98 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இது பாசிடிவா? சொல்ல முடியாது. அறை வெயிலில் சூடாக இருந்தாலும் நிறம் கூடும். கழுவல் சரியில்லை என்றாலும் கூடும். நொதிக் கரைசல் பழசானால் குறையும். காய்கறி வாங்குபவர் முதலில் வெறும் தராசின் முள் எங்கே நிற்கிறது, படிக்கல்லை வைத்தால் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதைப் போல, தட்டு அன்றைக்கு எப்படி நடந்துகொண்டது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகவே முதல் சில குழிகள் நோயாளிகளுக்குத் தரப்படாமல் கன்ட்ரோல்களுக்கு ஒதுக்கப்படுகின்றன.

பிளாங்க் என்ற குழியில் சீரமே இருக்காது. பிளாஸ்டிக்கும் திரவமும் மட்டும் எவ்வளவு ஒளியை மறைக்கின்றன என்று அது காட்டும். சில கிட்களில் இது கிடையாது. ரீடரே இரண்டாவது அலைநீளத்தில் அளந்து கழித்துக்கொள்ளும். நெகடிவ் கன்ட்ரோலில், டெங்கு இல்லை என்று உறுதியான மனித சீரம். மற்ற எல்லாக் கட்டங்களையும் நோயாளியின் குழியைப் போலவே கடந்து வரும். அது நிறமற்றோ மிக வெளிறியோ இருக்க வேண்டும். பாசிடிவ் கன்ட்ரோலில் டெங்கு ஆன்டிபாடி இருப்பது உறுதியான சீரம். அது நன்றாக மஞ்சளாக வேண்டும். இவை தவிர பல கிட்களில் காலிபரேட்டர் என்ற ஒன்று இருக்கும். அது எல்லைக்கோட்டைக் கணக்கிடுவதற்கான சீரம். ஒரே குழியை நம்பாமல் மூன்று குழிகளில் ஊற்றிச் சராசரி எடுப்பார்கள்.

ஒரு தட்டை எண்களோடு பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. கணக்கிடும் முறை காலிபரேட்டர் உள்ள கிட்களில் வழக்கமாக இருப்பது.

பிளாங்க் 0.05. நெகடிவ் கன்ட்ரோல் 0.11. காலிபரேட்டர் மூன்று குழிகளிலும் 0.42, 0.45, 0.39; சராசரி 0.42. பாசிடிவ் கன்ட்ரோல் 1.21. கிட் பெட்டியில் அந்தத் தயாரிப்புத் தொகுதிக்கென்று ஒரு பெருக்கு எண் அச்சிட்டிருக்கும், அது 0.8 என்று கொள்வோம். 0.42-ஐ 0.8-ஆல் பெருக்கினால் 0.336. இதுதான் அன்றைய கட் ஆஃப், அதாவது எல்லைக்கோடு.

இன்னும் நோயாளிகளின் பக்கம் போகக் கூடாது. நெகடிவ் கன்ட்ரோல் எல்லைக்கோட்டுக்கு வெகு கீழே இருக்கிறது, சரி. காலிபரேட்டரின் மூன்று குழிகளும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றன, சரி. அவற்றில் ஒன்று 0.80 என்று வந்திருந்தால் சராசரி எகிறி, எல்லைக்கோடும் எகிறி, உண்மையான நோயாளிகள் நெகடிவ் பக்கம் தள்ளப்பட்டிருப்பார்கள். பாசிடிவ் கன்ட்ரோலை எல்லைக்கோட்டால் வகுத்தால் 3.6 வருகிறது. கிட்டின் கையேட்டில் கொடுத்திருக்கும் வரம்புக்குள் அது இருந்தால் தட்டு செல்லும். இவற்றில் ஒன்று தவறினாலும் தட்டில் உள்ள எல்லா நோயாளிகளின் முடிவையும் தள்ளிவிட்டு மறுபடி செய்ய வேண்டும்.

தட்டு செல்லும் என்றான பிறகு நோயாளிகள். முதல் நபரின் ஓ.டி. 0.98. எல்லைக்கோட்டால் வகுத்தால் 2.9. ரிப்போர்ட்டில் நாம் பார்த்த எண் இதுதான். இரண்டாமவர் 0.14, வகுத்தால் 0.4. மூன்றாமவர் 0.34, வகுத்தால் ஏறக்குறைய 1. இந்த வகைக் கிட்களில் 1.1-க்கு மேல் பாசிடிவ், 0.9-க்குக் கீழ் நெகடிவ், இடைப்பட்டது ஐயத்துக்குரியது. ஆக முதல் நபர் பாசிடிவ், இரண்டாமவர் நெகடிவ், மூன்றாமவருக்கு இன்று பதில் இல்லை. இதே விகிதத்தைப் பத்தால் பெருக்கி 29 என்று அச்சிடும் கிட்களும் உண்டு. அங்கே ஐயப் பகுதி 9 முதல் 11 வரை. வேறு சில கிட்கள் காலிபரேட்டரே இல்லாமல், நெகடிவ் கன்ட்ரோலின் ஓ.டி.யை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கி எல்லைக்கோடு போடும். அதனால் ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் எண்ணோடு ஒப்பிடுவதற்கு முன் கிட் எது, எல்லை எது என்று பார்க்க வேண்டும்.

மூன்றாமவரின் குழி கண்ணுக்கு வெளிர் மஞ்சளாகவே தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்வதாக இருந்தால் ஒருவர் பாசிடிவ் என்பார், இன்னொருவர் இல்லை என்பார்.

வகுப்பது ஏன் என்று அடுத்த நாளைப் பார்த்தால் விளங்கும். அன்று வெப்பம் சற்று அதிகம். காலிபரேட்டர் சராசரி 0.60-க்கு ஏறிவிட்டது. எல்லைக்கோடு 0.48. அதே முதல் நபரின் சீரத்தை மறுபடி சோதித்தால் 1.38 காட்டுகிறது. நேற்று 0.98, இன்று 1.38; நோய் கூடிவிட்டதாகத் தோன்றும். ஆனால் 1.38-ஐ 0.48-ஆல் வகுத்தால் மறுபடியும் 2.9 தான். எல்லாக் குழிகளும் சேர்ந்து ஏறியதால் விகிதம் அசையவில்லை.

ரிப்போர்ட் ஏன் இவ்வளவு தாமதம் என்று கோபப்படுபவர்களுக்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. ஒரே ஒரு நோயாளிக்காகச் சோதனை நடத்தினாலும் ஐந்தாறு கன்ட்ரோல் குழிகள் செலவாகும். வேலையும் சில மணி நேரம் இழுக்கும். அதனால் மாதிரிகள் சேரும்வரை லேபுகள் காத்திருக்கும்.

தட்டு பொய் சொல்லும்போது

நெகடிவ் கன்ட்ரோலே மஞ்சளானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கழுவலை. ஒவ்வொரு கட்டத்துக்கும் பிறகு குழி நிரம்ப, அதாவது ஏறக்குறைய 300 மைக்ரோலிட்டர், திரவம் ஊற்றி ஐந்தாறு முறை கழுவ வேண்டும்; கடைசியில் தட்டைக் கவிழ்த்து உறிஞ்சுதாளில் தட்ட வேண்டும். ஒட்டாத நொதி துளியளவு மிஞ்சினாலும் டி.எம்.பி. அதைப் பாசிடிவாகவே காட்டும். டி.எம்.பி. பாட்டிலே முன்கூட்டி நீலம் பாய்ந்திருந்தால் அதில் நொதி கலந்துவிட்டது என்று அர்த்தம். அதை ஊற்றவே கூடாது.

கழுவும் கருவியில் எட்டு ஊசிகள் வரிசையாக இருக்கும். ஒரு பத்தியின் எட்டுக் குழிகளையும் ஒரே நேரத்தில் கழுவும். நான்காவது ஊசியில் உப்பு படிந்து அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? டி1, டி2, டி3 என்று டி வரிசை முழுவதும் மஞ்சளாகும். கன்ட்ரோல்கள் வேறு வரிசைகளில் இருந்தால் அவை எந்தக் குறையும் காட்டாமல் தேறிவிடும். எண்களை மட்டும் பார்ப்பவர் டி வரிசையில் இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் டெங்கு என்று எழுதிவிடுவார். தட்டைத் தூக்கிப் பார்ப்பவருக்கு அந்தக் கோடு உடனே கண்ணில் படும். நோய் நேர்கோட்டில் வராது. ஓரக் குழிகள் மட்டும் கூடுதலாக நிறம் காட்டினாலும் இப்படித்தான் யோசிக்க வேண்டும்: குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் தட்டை உபயோகித்தார்களா, மூடி போடாமல் வைத்ததில் ஓரங்களில் திரவம் ஆவியானதா? கிட்டை அரைமணி நேரம் அறை வெப்பத்துக்கு வரவிட்டுத் தொடங்கச் சொல்வது இதற்காகத்தான்.

என்னைக் கேட்டால் இதைவிட ஆபத்தானது பாசிடிவ் கன்ட்ரோல் நிறம் காட்டாத தட்டு. எல்லாக் குழிகளும் பளிச்சென்று தெளிவாக இருக்கும், பார்க்க ஒரு குறையும் தெரியாது, எல்லோருக்கும் நெகடிவ் என்று எழுதக் கை நீளும். ஆனால் நொதிக் கரைசலை ஊற்ற மறந்திருக்கலாம், அது காலாவதியாகி இருக்கலாம். கழுவும் திரவம் கெடாமல் இருக்க யாராவது சோடியம் அசைடு சேர்த்திருக்கலாம். அது பாக்டீரியாவைத் தடுக்கும், கூடவே பெராக்சிடேஸ் நொதியையும் முடக்கிவிடும். அந்தத் தட்டில் வந்த நெகடிவ் எதுவும் நெகடிவ் அல்ல, சோதனை நடக்கவில்லை என்று மட்டும் பொருள்.

கன்ட்ரோல்கள் பிடிக்க முடியாத தவறுகளும் உண்டு. ஒரு நோயாளியின் குழியில் மட்டும் சீரத்தை ஊற்ற விட்டுப்போனால் கன்ட்ரோல்களுக்கு அது தெரியாது. சீரம் சேர்ந்ததும் நிறம் மாறும் நீர்ப்பானைச் சில கிட்கள் தருவது இந்தக் குறையைத் தீர்க்கத்தான். இரண்டு பேரின் குழாய்கள் மாறிப்போனாலும் தட்டு குறையில்லாமல் தேறும். அட்டைச் சோதனையில் தெரியும் கன்ட்ரோல் கோட்டைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை: திரவம் அட்டை நெடுக ஓடியது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. எலிசாவின் இரண்டு கன்ட்ரோல் சீரங்கள் செய்யும் வேலையை அந்தக் கோடு செய்வதில்லை.

இனி, தட்டில் எல்லாம் சரியாக நடந்தும் விடை நோயாளிக்குப் பொருந்தாமல் போகும் சந்தர்ப்பங்கள். இதில் பெரும்பங்கு நாள் கணக்குக்கு. என்.எஸ்.1 காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே ரத்தத்தில் இருக்கும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு பலருக்கும் குறையத் தொடங்கும். ஐ.ஜி.எம். ஏறக்குறைய அதே சமயத்தில்தான் அளக்கும் அளவுக்கு உயரத் தொடங்கும். அதனால்தான் முதல் ஐந்து நாட்களுக்கு என்.எஸ்.1 எலிசா, அதன்பின் ஐ.ஜி.எம். எலிசா என்று தேசிய வழிகாட்டுதல் சொல்கிறது. இரண்டாம் நாளில் ஐ.ஜி.எம். மட்டும் பார்த்து நெகடிவ் வந்தால், உடல் இன்னும் பதில் சொல்லத் தொடங்கவில்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. தொடக்கத்தில் நாம் பார்த்த ரிப்போர்ட்டில் என்.எஸ்.1 நெகடிவ், ஐ.ஜி.எம். பாசிடிவ் என்று இருந்ததே, அது ஏழாம் நாள் ரத்தம் என்றால் இரண்டு வரிகளுக்கும் இடையே முரண்பாடே இல்லை.

இரண்டாவது முறை டெங்கு வந்தவருக்கு இன்னொரு சிக்கல். பழைய ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடிகள் ரத்தத்திலேயே என்.எஸ்.1-ஐப் பற்றி மூடிக்கொள்ளும். குழியின் அடியில் இருக்கும் ஆன்டிபாடிக்குப் பிடிக்க இடம் கிடைக்காது. வைரஸ் இருந்தும் நெகடிவ் வரும். அவர்களிடம் ஐ.ஜி.எம்.மும் முதல்முறை வந்தவர்களைவிடக் குறைவாகவே எழும்பக்கூடும். எலிசா இரண்டும் நெகடிவ் என்றாலும் மருத்துவர் நோயாளியை வீட்டுக்கு அனுப்பத் தயங்குவது சில சமயம் இதனால்.

மறுபக்கம், ஐ.ஜி.எம். ஒருமுறை எழும்பினால் இரண்டு மூன்று மாதம்கூட நிற்கும். செப்டம்பரில் டெங்கு வந்து தேறியவருக்கு நவம்பரில் சாதாரண வைரஸ் காய்ச்சல் வந்தால், குழி உண்மையாகவே மஞ்சளாகும். பழைய டெங்குவுக்காக. டெங்குவின் உறவுக்கார வைரஸ்களும் குழப்பும். கடலூர், விழுப்புரம் பகுதிகளில் நீண்ட காலமாக இருந்துவரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் வைரஸ் டெங்குவின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்கு உண்டான ஆன்டிபாடி டெங்கு ஆன்டிஜெனையும் ஓரளவு பற்றும்.

நோயாளியின் வீட்டார் மிக அதிகமாகக் கேட்கும் கேள்வி, பக்கத்துப் படுக்கைக்காரருக்கு 2.9, எங்களுக்கு 5.2, அப்படியானால் எங்களுக்குத்தான் மோசமா என்பது. இல்லை. அந்த எண் ஆன்டிபாடி எவ்வளவு பிடிபட்டது என்று ஏறக்குறையச் சொல்கிறது, நோயின் கடுமையைச் சொல்வதில்லை. ஆறாம் நாளில் 1.5 காட்டியவர் பத்தாம் நாளில் 5 காட்டுவார். அதற்குள் காய்ச்சல் தணிந்து எழுந்து நடமாடிக்கொண்டும் இருக்கலாம். கடுமையை அறிய மருத்துவர் பார்ப்பது ரத்த அழுத்தத்தை, ரத்தம் கெட்டிப்படுகிறதா என்று காட்டும் ஹெமடோகிரிட்டை, பிளேட்லெட் எண்ணிக்கையை, வயிற்றுவலி, விடாத வாந்தி போன்ற எச்சரிக்கை அறிகுறிகளை.

பதில் கிடைக்காமல் நின்ற அந்த மூன்றாமவருக்கு லேப் இரண்டு காரியங்களைச் செய்யும். முதலில் அதே சீரத்தை மறுபடி, முடிந்தால் இரண்டு குழிகளில், சோதிக்கும். அப்போதும் 1-ஐ ஒட்டியே நின்றால் சில நாட்கள் கழித்து இன்னொரு ரத்த மாதிரி கேட்கும். முதல் மாதிரி ஐந்தாம் நாளில் எடுத்தது, அடுத்தது பத்தாம் நாளில் எடுத்து விகிதம் 3-க்கு ஏறியது என்றால், இப்போதைய காய்ச்சல் டெங்குவாகத்தான் இருக்கும். பத்தாம் நாளிலும் 1-லேயே நின்றால் பெரும்பாலும் அது எப்போதோ வந்த நோயின் மிச்சம், அல்லது உறவுக்கார வைரஸின் வேலை. காய்ச்சலுக்கு வேறு காரணத்தைத் தேட வேண்டும். இரண்டாவது ரத்தத்துக்குக் கூப்பிட்டால் போய்விட்டு வாருங்கள். மாதிரிக் குழாயோடு போகும் படிவத்தில் காய்ச்சல் தொடங்கிய தேதி எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பல படிவங்களில் அந்தக் கட்டம் காலியாகவே லேபுக்குப் போகிறது.